ஸ்லைடில் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் பெயரையும் எண்ணையும் மறைப்பது எப்படி?

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு நான் யுபிஐ வகுப்பு எடுக்கிறேன். கடைக்கு வந்தவர் "பணம் அனுப்பிட்டேன்" என்று போனை நீட்டினால் எதைப் பார்த்து நம்புவது என்பது அதில் ஒரு பாடம். அந்தப் பாடத்துக்காக, செல்வி என்ற உறுப்பினரின் சம்மதத்தோடு, அவர் போனில் வந்த உண்மையான பணப் பரிமாற்றத் திரையை ஸ்லைடில் போட்டேன். அவர் பெயரின் மேலும் போன் எண்ணின் மேலும் பவர்பாயிண்ட்டிலேயே கறுப்புப் பெட்டி வரைந்து மூடினேன். திரையில் பார்க்கச் சுத்தமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

அன்று இரவு ஒரு அக்கா கூப்பிட்டார். "சார், பெரிசு பண்ணிப் பார்க்கலாம்னு தொட்டேன். கறுப்புப் பெட்டி கையோட நகர்ந்துடுச்சு. அடியில செல்வி நம்பர் அப்படியே இருக்கு."

கோப்பைக் குழுவிலிருந்து உடனே அழித்தேன். ஆனால் அதற்குள் இறக்கிக்கொண்டவர்களின் போனில் அது இருக்கத்தான் செய்யும். மறுநாள் செல்வியை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

அதன் பிறகு நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், விண்டோஸில் இருக்கும் பெயிண்ட் போதும். மூன்று விஷயத்தை மட்டும் விடக்கூடாது. மறைப்பது ஸ்லைடில் அல்ல, படத்திலேயே நடக்க வேண்டும். மங்கலாக்கக் கூடாது, ஒரே நிறத்தால் முழுதாக மூட வேண்டும். அனுப்புவதற்கு முன் கோப்பைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்.

மங்கலாக்கினால் ஏன் போதாது

மங்கலாக்குவது கண்ணை மட்டும்தான் ஏமாற்றும். அந்த இடத்தில் முன்பு இருந்த எழுத்தின் சாயல் படத்திலேயே தங்கிவிடுகிறது. "கட்டம் கட்டமாக" மாற்றும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி செய்தியில் முகத்தை மறைக்கப் பயன்படுத்துவார்களே, அதேதான். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருந்த புள்ளிகளின் சராசரி நிறம் அந்தக் கட்டத்தின் நிறமாகிறது. 8 என்ற இலக்கத்தில் மை அதிகம், 1-இல் குறைவு. ஆகவே 8 இருந்த கட்டங்கள் கொஞ்சம் கருமையாகவும் 1 இருந்தவை வெளிறியும் வரும். மறைத்தபிறகும் அந்த வித்தியாசம் மிச்சமிருக்கிறது.

இதை வைத்து எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? போன் எண்ணில் 10 இலக்கம் இருக்கிறது, ஆயிரம் கோடி வாய்ப்பு இருக்கிறது, யார் முயன்று பார்ப்பார்கள் என்று தோன்றும். ஆனால் முழு எண்ணையும் ஒரே மூச்சில் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு பணப் பரிமாற்ற ஆப்பின் எழுத்துரு பெரும்பாலும் எல்லார் போனிலும் ஒன்றுதான். அதே எழுத்துருவில், அதே அளவில் 0 முதல் 9 வரை எழுதி, அதே போலக் கட்டமாக்கி, ஸ்லைடில் இருக்கும் முதல் இலக்கத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒன்று பொருந்தும். அப்புறம் இரண்டாவது இலக்கம். இப்படிப் போனால் மொத்தம் 100 முயற்சிதான். கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. பஞ்சுபோல் பரவும் மங்கலில் பக்கத்து இலக்கத்தின் சாயலும் கலந்துவிடும், அதனால் இரண்டு மூன்று இலக்கங்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போதும் சில ஆயிரம் முயற்சிகள்தான்.

இது வெறும் கற்பனை இல்லை. கட்டமாக்கிய எழுத்தை மீட்கும் டீபிக்ஸ் என்ற இலவச நிரல் 2020-இல் வெளிவந்தது. 2022-இல் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அன்ரிடாக்டர் என்று இன்னொன்றை வெளியிட்டது. கட்டங்கள் இலக்கத்தைவிட மிகப் பெரியதாக இருந்தாலோ, படம் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறித் தரம் கெட்டிருந்தாலோ மீட்பது கடினமாகும் என்பது உண்மைதான். ஆனால் எந்த அளவு மங்கல் போதும் என்பதைப் படத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. முழுக்கறுப்புப் பெட்டியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, அங்கே இருந்த புள்ளிகள் போயே போய்விட்டன.

எழுத்து, எண் இரண்டுக்கும் இதுதான் விதி. தெருவில் எடுத்த போட்டோவில் பின்னால் போகிறவரின் முகத்தை மங்கலாக்குவது வேறு வேலை. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

முதலில் திரையை வாசியுங்கள்

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, படத்தில் ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வரிசையாக எழுதுங்கள். பெயர், எண் என்று மனதில் வைத்துக்கொண்டு தேடினால் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போகும். செல்வியின் திரையில் நான் மூடியது இரண்டு இடம். பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது வந்த பட்டியல் இதைவிட நீளம்.

மேலே வட்டத்துக்குள் அவர் படம். அதன் கீழே பெயர். அடுத்து போன் எண். அதற்குக் கொஞ்சம் கீழே யுபிஐ ஐடி, அதாவது @ குறிக்கு முன்னால் ஏதோ ஒன்றும் பின்னால் வங்கியின் சுருக்கமும் வரும் அந்த முகவரி. பல ஆப்களில் இந்த ஐடியின் முன்பாதி போன் எண்ணேதான். மேலே எண்ணை மூடிவிட்டு இதை விட்டிருந்தேன், ஆக பெட்டியை நகர்த்தாமலே எண் வெளியில்தான் இருந்தது! அப்புறம் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை. வங்கியின் பெயரோடு கணக்கின் கடைசி நாலு இலக்கம். குறிப்பு என்ற இடத்தில் "மீனா ஸ்கூல் பீஸ்" என்று அவர் மகளின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, போனின் உச்சியில், அந்த நேரத்தில் வந்திருந்த ஒரு மெசேஜின் முதல் வரி.

பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் ஏன் மறைக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்பார்கள். ஒருவர் போன் செய்து, "அம்மா, வங்கியில இருந்து பேசறோம், போன பன்னிரண்டாம் தேதி இந்த நம்பர்ல நீங்க அனுப்பின பணம் நடுவுல நிக்குது" என்று சரியான எண்ணைச் சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். ஏமாற்றுகிறவனுக்கு அந்த எண்தான் அடையாள அட்டை. பாடத்துக்குத் தொகை தேவையென்றால் அந்த இடத்தை மூடி மேலே ₹100 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

பாதி எண்ணை மட்டும் மறைப்பதும் வேண்டாம். முதல் ஐந்து இலக்கத்தையும் கடைசி இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் மூன்றை மூடினால் மிஞ்சுவது 1000 வாய்ப்புதான். யுபிஐ ஆப்பில் ஒரு எண்ணைப் போட்டாலே அதற்குரியவரின் பெயர் வந்துவிடும் என்பதால், ஸ்லைடில் பெயரும் இருந்துவிட்டால் தேடுகிறவருக்கு வேலை மிகச் சுலபம். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்றாம் ஸ்லைடில் முன்பாதியையும் ஏழாம் ஸ்லைடில் பின்பாதியையும் மூடியிருப்போம், இரண்டையும் சேர்த்தால் முழு எண் கிடைத்துவிடும். பத்து இலக்கத்தையும் மூடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. டெபிட் கார்டு படமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யுபிஐ பின் அமைக்கும்போது கேட்பதே கார்டின் கடைசி 6 இலக்கத்தையும் காலாவதி மாத, ஆண்டையும்தான். அதனால் "கடைசி இலக்கங்கள்தானே" என்று விடக்கூடாது.

க்யூஆர் கோடு தனியாகச் சொல்ல வேண்டியது. பணம் வாங்கும் க்யூஆருக்குள் யுபிஐ ஐடியும் பெயரும் எழுத்தாகவே இருக்கின்றன. அதன் நடுவில் ஒரு பெட்டி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. க்யூஆர் அமைப்பிலேயே அழிந்த பகுதியைச் சரிசெய்யும் ஏற்பாடு இருக்கிறது, உச்ச நிலையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கெட்டுப்போனாலும் படிக்கும். கடைகளில் க்யூஆரின் நடுவில் நிறுவனச் சின்னம் வைத்தும் ஸ்கேன் ஆவது இதனால்தான். ஆகவே மூன்று மூலைச் சதுரங்களையும் சேர்த்து முழுவதையும் மூடுங்கள். மூடியபின் உங்கள் போனாலேயே ஸ்கேன் செய்து பாருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தால் ஒரே பெயர் மூன்று இடத்தில் வரும். மேலே தலைப்பில் ஒன்று. பதில் அனுப்பும்போது மேற்கோளாகத் தெரியும் சின்னப் பெட்டிக்குள் ஒன்று. அப்புறம் செய்திக்குள்ளேயே "சரிங்க செல்வி அக்கா" என்று ஒன்று. மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் அதிகம் தவறவிடுகிறார்கள்.

பெயிண்ட்டில் செய்யும் முறை

ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே திறந்து வேலை செய்யாதீர்கள். "மூலம்", "ஸ்லைடுக்கு" என்று இரண்டு ஃபோல்டர் வைத்துக்கொண்டு, மூலத்திலிருந்து ஒரு நகலை எடுத்துத் திறங்கள். பெயிண்ட்டில் செவ்வக வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் `Outline`, `Fill` என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் `Solid color` என்று வையுங்கள். `Fill`-ஐ அப்படியே விட்டால் வெறும் கோட்டுப் பெட்டிதான் வரும். நிறத்தில் `Color 1` கோட்டுக்கு, `Color 2` உள்ளே நிரப்புவதற்கு, இரண்டுக்கும் ஒரே நிறத்தைக் கொடுங்கள். எனக்கு அடர்சாம்பல் பிடிக்கும். புரொஜெக்டரில் கறுப்பு கண்ணை இழுக்கும், பாடம் எங்கே இருக்கிறதோ அங்கே பார்வை போகாது.

பெட்டியை எழுத்துக்கு ஒட்டினாற்போல் வரையாதீர்கள். நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே போகட்டும். g, y, p போன்ற எழுத்துகளின் வாலும், தமிழில் "கு", "ழு"வின் அடிப்பகுதியும் பெட்டிக்குக் கீழே எட்டிப் பார்க்கும். பெட்டியின் நீளமும் ஒரு துப்புதான். பத்து பேர் உள்ள பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அதன் நீளத்துக்கே பெட்டி வரைந்தால், குறுகிய பெட்டி யாருடையது, நீண்டது யாருடையது என்று அந்தக் குழுவில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அதனால் எல்லா வரிக்கும் ஒரே நீளத்தில், வரியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை போடுங்கள்.

மூடிய இடத்தில் என்ன இருந்தது என்பது பாடம் கேட்பவருக்குத் தெரிய வேண்டுமே? பெட்டியின் மேலேயே வெள்ளை எழுத்தில் "அனுப்பியவர் பெயர்", "யுபிஐ ஐடி" என்று எழுதிவிடுங்கள். முன்பு மங்கலாக்கி வைத்திருந்ததைவிட இப்படி எழுதிய பிறகு வகுப்பில் கேள்விகள் குறைந்ததை நான் பார்த்தேன். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மங்கலுக்குள் என்ன இருக்கிறது என்ற யோசனை ஓடுவதில்லை.

பிறகு படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பெட்டிகளின் ஓரங்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் `Save as` கொடுத்து, பி.என்.ஜி. வடிவில், புதுப் பெயரில் "ஸ்லைடுக்கு" ஃபோல்டரில் சேமியுங்கள். பெயரில் "செல்வி_பணம்" என்று வைத்துவிடாதீர்கள், கோப்பின் பெயரும் பகிரும்போது கூடவே போகலாம். "பாடம்3_படம்1" போதும்.

விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் `Quick redact` என்று ஒரு வசதி இருக்கிறது. அது மின்னஞ்சலையும் போன் எண்ணையும் தானே தேடி மூடும். பெயர், யுபிஐ ஐடி, கணக்கு எண் எல்லாம் அதன் வேலை இல்லை. முதல் சுற்றுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் தாளில் எழுதிய பட்டியலை வைத்து மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

போனிலேயே செய்தால்

நிறைய பேர் கணினிக்கே போகாமல் போனில் முடித்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் எந்தப் பேனாவை எடுக்கிறோம் என்பது முக்கியம். திருத்தும் திரையில் வரும் தடித்த மார்க்கர் பெரும்பாலும் ஹைலைட்டர், அதாவது ஒளி ஊடுருவும் மை. கறுப்பில் நாலு தடவை தேய்த்தால் மூடியதுபோலத் தெரியும். அந்தப் படத்தை வாங்கியவர் வெளிச்சத்தையும் பளபளப்பையும் கூட்டிப் பார்த்தால் அடியிலிருந்து எழுத்து எழுந்து வரும். நீங்களே செய்து பாருங்கள், ஒரு நிமிடம் ஆகாது. ஆகவே வடிவங்களில் நிரப்பிய செவ்வகம் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் சாதாரணப் பேனாவை மிகத் தடிப்பாக வைத்து முழுதாகப் பூசுங்கள்.

போனில் திருத்திய படத்தின் பின்னால் பழைய படமும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஐபோனில் திருத்தியதை எப்போது வேண்டுமானாலும் `Revert` கொடுத்துப் பழையபடி ஆக்கலாம். ஏர்டிராப்பில் `All Photos Data` என்ற தேர்வை வைத்து அனுப்பினால் இந்தத் திருத்த வரலாறும் சேர்ந்தே போகும். 2023 மார்ச்சில் வேறொரு கோளாறு வெளியே வந்தது. கூகுள் பிக்சல் போனில் வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட் கோப்பின் வால்பகுதியில் வெட்டுப்பட்ட படத்தின் மிச்சம் அழியாமல் இருந்தது, அதிலிருந்து மறைத்ததை ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் ஸ்னிப்பிங் டூலிலும் இதே போன்ற ஒன்று பிடிபட்டது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் சேமித்து வெளியே போன படங்கள் சரியாகிவிடாது.

இதற்கெல்லாம் சேர்த்து நான் செய்வது ஒன்றுதான். மூடி முடித்த படத்தைப் போனில் முழுத்திரையாக வைத்து, அதை இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன். புதிதாகப் பிறக்கும் அந்தக் கோப்பில் திரையில் தெரிந்த புள்ளிகள் மட்டும்தான் இருக்கும். பழைய படமோ திருத்த வரலாறோ வர வழியே இல்லை. ஸ்லைடுக்குப் போவது அந்த இரண்டாவது படம். ஒன்று மட்டும் கவனம், ஹைலைட்டரால் அரைகுறையாக மூடியிருந்தால் இந்த வழி காப்பாற்றாது. திரையில் லேசாகத் தெரிவது புதுப் படத்திலும் லேசாகத் தெரியும்.

கணினித் திரையாக இருந்தால் எடுப்பதற்கு முன்பே மாற்றலாம்

வங்கியின் இணையதளம், அரசு போர்ட்டல் மாதிரி பிரவுசரில் திறக்கும் பக்கங்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன்பே, பக்கத்தில் தெரியும் பெயரையும் எண்ணையும் நம் திரையில் மட்டும் மாற்றி எழுதிவிடலாம். குரோமில் F12 அழுத்தி `Console` என்ற பகுதிக்குப் போய் இந்த வரியைக் கையால் தட்டச்சு செய்து எண்டர் தட்டுங்கள்.

```
document.designMode = "on"
```

அதன்பின் பக்கத்தில் எந்த எழுத்தின் மேல் சொடுக்கினாலும் வேர்டில் அடிப்பதுபோல அழித்து எழுதலாம். வங்கியின் கணக்கில் எதுவும் மாறாது. பக்கத்தை ஒருமுறை ரீலோடு செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உங்கள் சொந்தக் கணக்கில், உங்கள் கணினியில் மட்டும் செய்யுங்கள். ஒட்டுவதற்கு முயன்றால் குரோம் எச்சரிக்கும். யாரோ அனுப்பிய வரியை அங்கே ஒட்டச் சொல்லி ஏமாற்றுவது உண்டு, அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. படிக்காத வரி எதையும் அங்கே போடக்கூடாது.

மாற்றி எழுதும்போது பொய் எண்ணாக என்ன போடுவது? கை தானாக 98765 என்று ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பிக்கும் எண் யாருடைய உண்மையான எண்ணாகவும் இருக்கலாம், வகுப்பில் யாராவது அதைக் கூப்பிட்டும் பார்ப்பார்கள். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்குகின்றன. அதனால் 00000 12345 என்று பூஜ்ஜியத்தில் தொடங்கிவிடுங்கள், அது யாருக்கும் போகாது. பெயருக்கு "உறுப்பினர் 1" போதும்.

சிலருக்கு ஸ்லைடில் மங்கலான தோற்றம்தான் அழகாக இருக்கிறது என்று படும். சரி, அதற்கும் வழி இதுதான். முதலில் பொய்ப் பெயரையும் பொய் எண்ணையும் எழுதி, அதை மங்கலாக்குங்கள். யாராவது மெனக்கெட்டு மீட்டாலும் 00000 12345 தான் கிடைக்கும்.

முகவரிப் பட்டையையும் மேலே திறந்திருக்கும் மற்ற டேப்களின் தலைப்புகளையும் மறந்துவிடாதீர்கள். அவற்றை இந்த வழியில் மாற்ற முடியாது. பக்கத்தின் உள்பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதே நல்லது.

ஸ்லைடுக்குள் போன பிறகு செய்யக்கூடாதவை

பெட்டி வரைவது பற்றிச் சொல்லிவிட்டேன். வெட்டுவதும் அதே கதைதான். பவர்பாயிண்ட்டில் `Crop` கொடுத்து ஓரத்தை வெட்டினால் அது பார்வையிலிருந்துதான் போகிறது, கோப்புக்குள் முழுப் படமும் இருக்கிறது. கோப்பைப் பெற்றவர் மறுபடி `Crop` அழுத்தினால் வெட்டிய பகுதி நிழலாகத் தெரியும், இழுத்தால் திரும்ப வந்துவிடும். கூகுள் ஸ்லைட்ஸிலும் `Reset image` கொடுத்தால் பழைய படம் வரும். பவர்பாயிண்ட்டின் `Artistic Effects` என்பதில் இருக்கும் மங்கலாக்கும் வசதி இன்னும் மோசம். அது மூலப் படத்தையும் கோப்புக்குள் தனியாகச் சேமித்து வைக்கிறது, `Reset Picture` என்ற ஒரு சொடுக்கில் மங்கல் கலைந்துவிடும்.

ஏற்கெனவே இப்படிச் செய்த பழைய ஸ்லைடு கையில் இருக்கிறது, மூலப் படமும் தொலைந்துவிட்டது என்றால் என்ன செய்வது? படத்தையும் அதன் மேல் இருக்கும் பெட்டிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து `Ctrl+G` கொடுத்து ஒன்றாக்குங்கள். `Ctrl+X` கொடுத்து வெட்டி, ஒட்டும்போது `Paste Special` வழியாகப் பி.என்.ஜி. படமாக ஒட்டுங்கள். இப்போது பெட்டியும் படமும் ஒரே படமாகிவிட்டன, நகர்த்த முடியாது. வெட்டிய ஓரங்களுக்கு `Picture Format`-இல் `Compress Pictures` போய், `Delete cropped areas of pictures` என்பதை டிக் செய்து, `Apply only to this picture` என்பதில் டிக்கை எடுத்துவிட்டால் எல்லா ஸ்லைடுக்கும் நடக்கும்.

பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தீராது. பி.டி.எஃப்.-க்குள்ளும் பெட்டி தனி, படம் தனி. அதை லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பெட்டியைப் பிடித்து இழுத்தால் நகர்ந்துவிடும், அடியில் இருப்பது தெரியும்.

கூகுள் ஸ்லைட்ஸில் கோப்பைத் திருத்தும் உரிமையோடு பகிர்ந்திருந்தால், மறைப்பதற்கு முந்தைய நிலையை `Version history`-இல் அவர்கள் பார்க்க முடியும். அதனால் மறைத்து முடித்த ஸ்லைடுகளைப் புதுக் கோப்பில் வைத்து அந்தக் கோப்பைப் பகிருங்கள்.

அனுப்புமுன் உள்ளே பார்ப்பது

இந்த ஒரு வேலையை முன்பே செய்திருந்தால் அந்த அக்கா எனக்குப் போன் செய்திருக்க வேண்டியதில்லை. `.pptx` என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலின் பெயரில் `.pptx` என்பதை `.zip` என்று மாற்றுங்கள். பெயரில் `.pptx` தெரியவில்லையென்றால் ஃபோல்டரின் `View` மெனுவில் `File name extensions` என்பதை முதலில் டிக் செய்யுங்கள். பெயரை மாற்றும்போது விண்டோஸ் ஒருமுறை எச்சரிக்கும், பரவாயில்லை. இரட்டைச் சொடுக்கில் திறந்து `ppt` ஃபோல்டருக்குள் `media` என்ற ஃபோல்டருக்குப் போங்கள். ஸ்லைடுகளில் பயன்படும் படங்கள் எல்லாம் `image1.png`, `image2.png` என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இங்கே தெரிவதுதான் நீங்கள் உண்மையில் அனுப்பப்போகும் படம்.

செல்வியின் ஸ்லைடை இப்படித் திறந்தபோது `image4.png`-இல் பெட்டி எதுவும் இல்லாமல் முழுத் திரையும் இருந்தது. பெயர், எண், மகளின் பெயர் எல்லாம். படத்தைப் பெயிண்ட்டில் மூடி மாற்றி வைத்த பிறகு அதே இடத்தில் சாம்பல் பெட்டிகளோடு வந்தது. `media`-வுக்குள் `.wdp` என்று முடியும் கோப்பு இருந்தால், யாரோ மங்கலாக்குவது போன்ற எஃபெக்ட் எதையோ போட்டிருக்கிறார்கள், மூலம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் படத்தை நீக்கிவிட்டுச் சரியாக மூடிய படத்தைப் போட்டுச் சேமித்து, மறுபடி திறந்து பாருங்கள். `docProps` ஃபோல்டரில் `thumbnail.jpeg` என்று ஒரு சின்னப் படமும் இருக்கலாம். அது முதல் ஸ்லைடின் குறும்படம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மறைத்து வைத்த ஸ்லைடுகளின் படங்களும் இங்கே இருக்கும். வகுப்பில் காட்டாததால் அவற்றைச் சரிபார்க்காமல் விடுவது வழக்கம், ஆனால் கோப்போடு அவையும் போகின்றன.

இருபது ஸ்லைடுக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆகும். படங்களைப் பார்த்தபின் தாளில் எழுதிய பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஸ்லைடின் அடியில் உள்ள பேச்சுக் குறிப்புகளையும் படியுங்கள். "செல்வியின் உதாரணத்தைச் சொல்ல வேண்டும்" என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

கடைசியாக "மூலம்" ஃபோல்டர். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள், போன் கேலரியில் இருக்கும் முதல் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து. போனில் அழித்த படம் குப்பைத் தொட்டியில் பல வாரம் இருக்கும். கூகுள் போட்டோஸிலோ ஐகிளவுடிலோ தானாக ஏறியிருந்தால் அங்கேயும் போய்க் குப்பையைக் காலி செய்யுங்கள். திரையை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இருந்தால், அந்தச் செய்தியையும் இரண்டு பக்கமும் அழிக்கச் சொல்லிவிடுங்கள்.